முன்வாங்கு கேட்டு வந்த மூன்று கடிதங்கள்: தரம் 4 மாணவி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஏ9 வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு வன்னிக் கிராமத்தின் பாடசாலையில் நான் தரம் 4 வகுப்பாசிரியராக இருந்தபோது நடந்தது இது. பிள்ளையின் பெயரும் பாடசாலையின் பெயரும் இங்கே தேவையில்லை. பிழைகளில் பெரும்பங்கு என்னுடையது என்பதால் என்னைப் பற்றி மறைக்காமல் எழுதுகிறேன்.

வகுப்பில் 32 பிள்ளைகள். நாலு வரிசை. முதல் வரிசைக்கும் கரும்பலகைக்கும் இடையில் ஏறத்தாழ 2 மீற்றர், கடைசி வரிசைக்கு 6 மீற்றர். பலகை வடக்குச் சுவரில். கிழக்கே இடுப்பளவு அரைச்சுவரும் அதற்கு மேல் கம்பிவலையும், மேற்கே முழுச் சுவர். பலகைக்குப் பூச்சுப் பூசிக் கனகாலம். துடைத்துத் துடைத்து அது மினுங்கத் தொடங்கியிருந்தது. இந்த விவரங்கள் பின்னால் தேவைப்படும்.

அடுத்த வருசம் புலமைப்பரிசில் பரீட்சை. ஆகவே தரம் 4 இலேயே பெற்றோர் முன்வரிசைக்குப் போட்டி போடத் தொடங்கிவிடுவார்கள். அந்தப் பிடுங்குப்பாடு வேண்டாமென்று திங்கட்கிழமைதோறும் வரிசைகளைச் சுழற்றி வந்தேன். உயரமான பிள்ளைகளை மட்டும் சுழற்றுவதில்லை, அவர்கள் எப்போதும் கடைசி வரிசை. இந்தப் பிள்ளை வகுப்பிலேயே உயரமான பெண்பிள்ளை.

தரம் 1 இல் நடந்த பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் அவவின் கண்ணில் குறை ஏதும் பதிவாகவில்லை. எங்கள் பாடசாலையில் அந்தப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு நடப்பது. தரம் 4 க்கான முறை மூன்றாம் தவணையில்தான் வரவிருந்தது. தூரப்பார்வை மங்குகிற கிட்டப்பார்வைக் குறை பெரும்பாலும் எட்டு, ஒன்பது, பத்து வயதுகளில்தான் தலைகாட்டும். தரம் 1 இல் எல்லாம் சரி என்று எழுதிய அட்டை தரம் 4 இல் எதையும் சொல்லாது. நான் அந்த அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் நிம்மதியாக இருந்தேன்.

முதற் கடிதம்

முதலாம் தவணையின் மூன்றாவது வாரம், ஒற்றைக்கோட்டுக் கொப்பியில் கிழித்த ஒரு தாள், நாலாக மடித்து, பென்சில் பெட்டிக்குள் இருந்து வந்தது.

"மதிப்பிற்குரிய ரீச்சர், என்ர மகளுக்குக் கண்பார்வை குறைவாக இருக்கிறது. தயவுசெய்து முன்வாங்கில் இருத்திவிடவும். நன்றி. இப்படிக்கு, தாய்."

அவ்வளவுதான். தாய் 2009 இடப்பெயர்வோடு படிப்பு நின்றுபோன தலைமுறை. ரீச்சருக்குக் கடிதம் எழுதுவதென்றால் எழுத்துப் பிழை வந்துவிடுமோ என்ற கூச்சம் இருந்ததாகப் பிறகு சொன்னா. ஆகச் சுருக்கமாக எழுதி முடித்திருந்தா.

அந்தக் கடிதம் ஒரு இடத்தைக் கேட்டது. எவ்வளவு தூரத்தில் தெரிகிறது, எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள், வைத்தியசாலைக்குக் காட்டினீர்களா என்ற எதுவும் அதில் இல்லை. திருப்பிக் கேட்டிருக்க வேண்டியவள் நான். கேட்கவில்லை. பிள்ளையைக் கூப்பிட்டு, "பலகை தெரியுதோ?" என்று மட்டும் கேட்டேன். "ஓம் ரீச்சர்" என்றா. வன்னியில் ஒரு ரீச்சர் முன்னால் நின்று அப்படிக் கேட்டால் எந்தப் பிள்ளையும் இல்லையென்று சொல்லாது.

ஆனாலும் தாய் கேட்டபடி முன்வரிசை கொடுத்தேன். உயரமான பிள்ளையை நடுவில் இருத்தினால் பின்னுக்கு இருப்பவர்களுக்கு மறைக்கும். அதனால் முன்வரிசையின் மேற்குக் கரையில், சுவரோரமாக இருத்தினேன். வெயில் விழாத பக்கம், கண்ணுக்கு நல்லது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

கவனித்தவை

மூன்று வாரம் கழிந்தும் கொப்பியில் மாற்றம் இல்லை. ஒரு சனிக்கிழமை கொப்பிகள் திருத்தியபோது அவவின் தமிழ்க் கொப்பியை முன்னிருந்து பின்னாகப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் என்னுடைய சிவப்பு மையில் "கவனம் போதாது", "புள்ளி இடவும்". ஒரு பந்தியில் "மரங்கள் நிழல் தரும்" என்ற வசனம் "மரஙகள நிழல தரும" என்று கிடந்தது. கொம்பு, சுழி, அரவு எல்லாம் சரி. புள்ளி மட்டும் இல்லை.

அடுத்த பக்கம் வீட்டுவேலை. பாடநூலைப் பார்த்து எழுதியது. அதில் ஒரு புள்ளிகூடத் தவறவில்லை.

இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. கவனமில்லாத பிள்ளை என்றால் புத்தகத்தைப் பார்த்து எழுதும்போதும் புள்ளியை விடும். இந்தப் பிள்ளை பலகையிலிருந்து எழுதும்போது மட்டும் விடுகிறா. அவ காணாததைத்தான் எழுதவில்லை. கணிதக் கொப்பியிலும் அதே கதை: பலகையில் 3 என்று நான் எழுதியது 8 ஆக, 5 என்று எழுதியது 6 ஆக விழுந்திருந்தது. கணக்கு வழி சரி, எடுத்த இலக்கம் பிழை. நானோ விடைக்கு முழுப் புள்ளியையும் வெட்டியிருந்தேன்.

அதற்குப் பிறகு அடுத்த நாட்களில் பார்த்தபோது மற்றவையும் கண்ணில் பட்டன. பென்சில் சீவப் போகிற சாட்டில் பலகைக்குக் கிட்டப் போய் வருவா. பக்கத்துப் பிள்ளையின் கொப்பியை எட்டிப் பார்ப்பா. அதற்காக ஒருமுறை ஏசியும் இருக்கிறேன். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதும் உண்டு. இதெல்லாம் மூன்று வாரமும் என் முன்னால்தான் நடந்தது.

இரண்டாம் கடிதம்

தாயை வரச் சொன்னேன். பாடசாலை விடும் நேரம், 1.30 க்கு, மதில் ஓரம் நின்று கதைத்தோம்.

"முன்னுக்கு இருத்தியும் தெரியேல்லையாம் ரீச்சர். உங்களிட்டச் சொல்லப் பயப்பிடுறா."

"அதையே எழுதித் தாங்கோ அம்மா. பிள்ளை சொன்னது, நீங்கள் கண்டது, எல்லாத்தையும் அப்பிடியே எழுதுங்கோ. பிழை வந்தாலும் பரவாயில்லை."

ஏன் எழுத்தில் கேட்டேன் என்றால், வேறு இரண்டு பெற்றோர் அதற்குள் "அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் நிரந்தரமா முன்வாங்கு?" என்று அதிபரிடம் போயிருந்தார்கள். எனக்குக் காட்ட ஏதாவது வேண்டியிருந்தது. வைத்தியச் சான்றிதழ் கேட்கலாமா என்றும் யோசித்தேன். கேட்டால் அது வரும்வரை பிள்ளை பலகை தெரியாமல் இருக்க வேண்டும். சான்றிதழுக்காக ஒரு நாள் கூலி இழந்து பஸ் ஏறுகிற தகப்பன் அதையே சாக்காக வைத்து வைத்தியசாலைக்கே போகாமல் விடவும் கூடும். ஆகவே இடம் முதலில், வைத்தியசாலைத் திகதி கடிதத்திலேயே, என்று முடிவெடுத்தேன்.

இரண்டு நாளில் கடிதம் வந்தது. அனுமதியோடு முழுதாகத் தருகிறேன். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தியிருக்கிறேன்.

"மதிப்பிற்குரிய வகுப்பாசிரியர் அவர்கட்கு, தரம் 4 இல் படிக்கும் என் மகளுக்குத் தூரத்தில் உள்ளவை மங்கலாகத் தெரிகின்றன. புத்தகம் வாசிப்பதில் குறை இல்லை. வீட்டில் சுவர்க் கலண்டரில் உள்ள பெரிய இலக்கத்தை ஆறு அடிக்குள் நின்றால் சொல்கிறா, வாசற்படியில் நின்றால் சொல்லமாட்டா. பஸ் வரும்போது பெயர்ப்பலகை கிட்ட வந்த பிறகுதான் தெரிகிறது. இப்போது இருக்கும் இடத்தில் காலையில் பலகை வெள்ளையாகப் பளபளக்கிறதாம். இடைவேளைக்குப் பிறகு கொஞ்சம் தெரிகிறதாம். எந்த இடத்தில் நன்றாகத் தெரியும் என்று நீங்கள் பார்த்து, கண்ணாடி கிடைக்கும்வரை அந்த இடத்தில் இருத்தி உதவவும். காலபோக அறுவடை முடிந்தவுடன் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்வோம். பலகையில் இருந்து எழுதியதில் பிழை வந்தால் பிள்ளையை ஏசவேண்டாம் என்று பணிவாகக் கேட்கிறேன். இப்படிக்கு, தாய்."

கடைசி வரிக்கு முன்வரி என்னைச் சுட்டது. ஆனால் எனக்கு உதவியது "காலையில் பளபளக்கிறது" என்ற வரி. பிள்ளை தாயிடம் சொன்னதை நான் கேட்கவே இல்லை.

இடம் தேடியது

அடுத்த நாள் காலை 8 மணிக்குப் பிள்ளைகளை வெளியே விளையாட்டுக்கு விட்டுவிட்டு, நானே அந்தக் கதிரையில், பிள்ளையின் கண் மட்டத்துக்குக் குனிந்து இருந்து பார்த்தேன். பலகையின் நடுப்பகுதி முழுக்க வெள்ளையாக மினுங்கியது. எனக்கே எழுத்துத் தெரியவில்லை.

நான் விட்ட பிழை இதுதான். வெளிச்சம் வருகிற கிழக்குப் பக்கத்தில் இருப்பவர்களைத்தான் பளபளப்புத் தாக்கும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் கிழக்கேயிருந்து வரும் வெளிச்சம் மினுங்கும் பலகையில் பட்டுத் தெறித்து எதிர்ப்பக்கமான மேற்குக்குத்தான் போகும். சுவரோரம் இருப்பவர் அந்தத் தெறிப்புக்கு நேரெதிரே. அதிலும் முன் மூலை என்றால் பலகையைச் சரிவாகப் பார்க்க வேண்டும், எழுத்து ஒடுங்கித் தெரியும். மூலையில் இருக்கிற முன்வாங்கை முன்வாங்கு என்று சொல்லிப் பயனில்லை.

பிறகு பிள்ளையைத் தனியே கூட்டிவந்து சோதித்தேன். "தெரியுதோ" என்று கேட்கவில்லை. புள்ளி நிறைந்த பத்துச் சொற்களைப் பலகையில் எழுதி, இடத்திலிருந்து கொப்பியில் எழுதச் சொன்னேன். ஒவ்வொரு இடத்துக்கும் வேறு வேறு பத்துச் சொற்கள், இல்லாவிட்டால் நினைவில் இருந்து எழுதிவிடுவா. கடைசி வரிசையில் 3 சொற்கள் சரி. மேற்கு முன்மூலையில் காலை 8 மணிக்கு 4, அதே மூலையில் 11 மணிக்கு 8. இரண்டாம் வரிசையின் நடுவில் காலை 8 மணிக்கே 8.

இரண்டாம் வரிசை நடுவையே தேர்ந்தெடுத்தேன். அங்கிருந்து பளபளப்பு பலகையின் வலது ஓரத்தில் மட்டும்தான் விழும். முன்னால் குட்டையான பிள்ளைகள் என்பதால் அவர்கள் தலைக்கு மேலால் தெரியும். பின்னால் வழமையாகக் கடைசியில் இருக்கும் உயரமான பொடியன்களை மூன்றாம் வரிசைக்குக் கொண்டுவந்தேன். அதிபரிடம் போன பெற்றோருக்குத் தாயின் கடிதத்தைக் காட்டவில்லை, அது அவவின் சொந்த விஷயம். முன்வரிசை எல்லாருக்கும் சுழல்கிறது, இந்தப் பிள்ளைக்கு முன்வரிசையே கொடுக்கவில்லை என்று சொன்னேன். அதோடு கதை முடிந்தது.

பலகையில் நானும் மாறினேன். புதிய சோக்கால் புள்ளியைத் தடிப்பாக இட்டேன், வலது ஓரத்தில் எழுதுவதை விட்டேன், எழுதுவதை வாயாலும் சொன்னேன்.

இடம் கொடுத்ததால் வந்த தாமதம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்ததே இந்தப் பகுதிக்காகத்தான். புதிய இடத்தில் சொல்வதெழுதுதல் அல்லாத பலகை வேலைகளில் புள்ளிகள் பெருமளவு திரும்பி வந்தன. நான் மகிழ்ந்தேன், தாயும் மகிழ்ந்தா. அறுவடை முடிந்து மூன்று வாரமாகியும் வைத்தியசாலைக்குப் போகவில்லை. கேட்டபோது, "இப்ப தெரியுதாம்தானே ரீச்சர், லீவில பாப்பம் எண்டு இவர் சொல்லுறார்" என்றா.

தகப்பனைக் குறை சொல்ல முடியாது. வைத்தியசாலைக்கு ஒரு நாள் முழுக்கப் போகும். தெரிகிற பிள்ளையை எதற்குக் கொண்டுபோவது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் பத்தில் எட்டு என்றால் இரண்டு இன்னும் தெரியவில்லை, அதுவும் கிட்ட இருந்து, தடிச்ச சோக்கில். இடம் மாற்றியது பலகையைப் பிள்ளைக்குக் கிட்டக் கொண்டுவந்தது, கண்ணை ஒன்றும் செய்யவில்லை. தரம் 5 க்குப் போனால் வேறு வகுப்பறை, வேறு ரீச்சர், வேறு வெளிச்சம்.

கடைசி வரிசையில் எழுதிய பத்துச் சொல்லுத் தாளைத் தகப்பனுக்குக் கொடுத்துவிட்டேன். மூன்று சொல்லுக்குச் சரி, ஏழுக்குப் பிழை. பக்கத்தில் அவவே புத்தகம் பார்த்து எழுதிய பத்து, எல்லாம் சரி. வேறு விளக்கம் எழுதவில்லை. அடுத்த வாரம் போனார்கள்.

மூன்றாம் கடிதமும் கண்ணாடியும்

மாவட்ட வைத்தியசாலையில் வெளிநோயாளர் பிரிவில் துண்டெடுத்துக் கண் கிளினிக்குக்குப் போயிருக்கிறார்கள். அடுத்த நாள் வந்த கடிதம்:

"ரீச்சர், நேற்று மகளுக்குக் கண்ணில் சொட்டுமருந்து விட்டுச் சோதித்தார்கள். இன்றைக்கும் கிட்டப் பார்க்க மங்கலாக இருக்கலாம், வெளிச்சம் கூசலாம் என்று சொன்னார்கள். இன்று வாசிக்க, எழுத விடவேண்டாம். கண்ணாடிக்கு எழுதித் தந்திருக்கிறார்கள். அட்டையைப் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்."

முதற் கடிதத்தை எழுதிய அதே கை. இந்தமுறை எனக்குத் திருப்பிக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. இந்தக் கடிதம் வராமல் இருந்திருந்தால் அன்றைக்கு வாசிப்புப் பாடத்தில் தடுமாறுகிறா என்று இன்னொரு சிவப்புக் குறிப்பு விழுந்திருக்கும்.

அட்டையில் வலது கண் 6/24, இடது கண் 6/36. மற்றவர்கள் 36 மீற்றரில் நின்று வாசிக்கக்கூடிய எழுத்தை இந்த இடது கண் 6 மீற்றருக்கு வந்துதான் வாசிக்கும் என்பது அதன் பொருள். அந்த அளவு கண்ணுக்கு 6 மீற்றரில் ஒரு சென்ரிமீற்றர் அகலத்துக்குக் குறைந்த பொட்டோ இடைவெளியோ பிரிந்து தெரியாது. நான் சோக்கால் குத்துகிற புள்ளி அரைச் சென்ரிமீற்றர். கடைசி வாங்கில் புள்ளி மட்டும் காணாமல் போனதற்கும், இரண்டாம் வரிசையில் அது திரும்பி வந்ததற்கும் கணக்கு இப்படித்தான் சரிவருகிறது.

கண்ணாடி மைனஸ் 1.75, மைனஸ் 2.25. போட்டபின் 6/6, 6/9. கடையில் வாங்கினார்கள். தகப்பனின் சில நாள் கூலி அதில் போனது. வகுப்பில் முழுநேரமும் போட வேண்டும், ஆறு மாதத்தில் திரும்பக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

கண்ணாடி போட்ட முதல் நாள் சுவரில் இருந்த நேரசூசியை இடத்தில் இருந்தபடியே வாசித்துவிட்டு, "ரீச்சர், சங்கீதம் எண்டதில கடைசிப் புள்ளி இல்லை" என்றா. உண்மைதான். தவணை தொடங்கிய நாளிலிருந்து அது அப்படியே கிடந்தது.

பின்னர் நடந்தது

அவவை மூன்றாம் வரிசைக்கு அனுப்பினேன். பத்துச் சொற்களும் சரி. இரண்டு வாரம் கழித்துப் பலகை வேலையில் மீண்டும் புள்ளிகள் காணாமல் போகத் தொடங்கின. கண்ணாடி உடைந்துவிட்டதோ என்று பார்த்தால் புத்தகப் பையின் அடியில், துணிக்குள் சுற்றியபடி கிடக்கிறது. பொடியன்கள் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். நான் மேசையில் இருந்ததால் அவ போடவில்லை என்பதையே கவனிக்கவில்லை, கொப்பிதான் காட்டிக்கொடுத்தது.

பொடியன்களைக் கூப்பிட்டுப் புத்திமதி சொல்வதால் பட்டப்பெயர் இரகசியமாகும், நிற்காது. அதனால் நான் வேறொன்று செய்தேன். எனக்கும் வாசிக்கக் கண்ணாடி உண்டு, வகுப்பில் போடுவதில்லை. அடுத்த நாளிலிருந்து போட்டேன். பட்டப்பெயர் என் பக்கம் திரும்பிற்று. பிள்ளை கண்ணாடியை வெளியில் எடுத்தா. எப்போதும் இது பலிக்கும் என்று சொல்லமாட்டேன், அந்த வகுப்பில் பலித்தது.

வருட முடிவில் தமிழ்ப் பரீட்சையில் அவ எடுத்த புள்ளிகள் கூடியிருந்தன. எவ்வளவு பங்கு கண்ணாடியால், எவ்வளவு நான் ஏசுவதை நிறுத்தியதால் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

இப்போது மாற்றிச் செய்வது

பெற்றோரிடமிருந்து ஒற்றை வரிக் கடிதம் வந்தால் அதே தாளின் பின்பக்கத்தில் நாலு கேள்வி எழுதித் திருப்பி அனுப்புகிறேன்: எவ்வளவு தூரத்தில் எது தெரியவில்லை, புத்தகம் வாசிக்க முடிகிறதா, பிள்ளை தன் இடத்தைப் பற்றி என்ன சொன்னது, எப்போது வைத்தியசாலைக்குப் போகிறீர்கள். எழுதக் கூச்சப்படுகிற தாய்மாருக்குக் கேள்விக்குப் பதில் எழுதுவது கடிதம் எழுதுவதைவிடச் சுலபம்.

இடத்தை நான் கதிரையில் இருந்து பார்க்காமல் கொடுப்பதில்லை, அதுவும் காலையில். கொடுத்தால் வரவுப் பதிவேட்டில் பென்சிலால் ஒரு திகதி குறிக்கிறேன், நாலு வாரம் தள்ளி. அந்தத் திகதிக்குள் கிளினிக் அட்டை வராவிட்டால் பத்துச் சொல்லுத் தாள் வீட்டுக்குப் போகும்.

ஒவ்வொரு தவணையும் முதல் வாரத்தில் ஒரு பந்தியைப் பலகையிலிருந்தும் அதே அளவு பந்தியைப் புத்தகத்திலிருந்தும் எல்லாரையும் எழுத வைத்துப் புள்ளிகளை எண்ணுகிறேன். ஒரு பாடவேளை போதும். இது கண் சோதனை இல்லை. ஒரு கண் மட்டும் குறைந்த பிள்ளை நல்ல கண்ணால் பார்த்துத் தப்பிவிடும், கிட்டத்தில் சிரமப்படும் பிள்ளையும் இதில் அகப்படாது. ஒரு கண் குறைந்த பிள்ளைக்கு ஒவ்வொரு கண்ணாக மூடி 6 மீற்றர் அட்டையில் பார்க்கிற மருத்துவப் பரிசோதனைதான் வழி, கிட்டத்தில் சிரமப்படும் பிள்ளை அந்த அட்டையிலும் தப்பிவிடலாம். அந்த வருடம் மூன்றாம் தவணையில் பரிசோதனைக்கு வந்தவர்களிடம் புள்ளி எண்ணிக்கையில் சந்தேகப்பட்ட இரண்டு பெயர்களைக் கொடுத்தேன். ஒன்று கண்ணாடிக்குப் போனது. மற்றது உண்மையிலேயே புள்ளி போடப் பஞ்சிப்படுகிற பிள்ளை.

பலகைக்கு மங்கல் கறுப்புப் பூச்சுக் கேட்டு அதிபரிடம் எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் தவணை விடுமுறையில் பூசினார்கள். மேற்கு முன்மூலையில் இப்போது காலை 8 மணிக்கும் எழுத்துத் தெரிகிறது.